அவனுக்கு ரெண்டு, எனக்கு நாலு

எனக்கும் என் நண்பனுக்கும் உயரம் ஒன்று. ரெண்டு பேருமே 168 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை அடி. மதுரையில் ஒரே மில்லில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர் வேலை, ஒரே ஷிஃப்ட், ஜிம்முக்குச் சேர்ந்ததும் ஒரே நாள். முதல் நாள் மாஸ்டர் அவனை ஒவ்வொரு மிஷினிலும் உட்கார வைத்து சீட்டை ஏற்றி இறக்கி நம்பர் சொல்லிக் கொடுத்தார். என் முறை வந்தபோது எங்கள் ரெண்டு பேரையும் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உங்களுக்கும் அதே நம்பர்தாண்ணே, ஒரே ஹைட்டு" என்றார். நானும் தலையாட்டிவிட்டேன். ஷாஃப்ட் அலைன்மென்ட்டில் நூல் அளவு பிசகினால் சூப்பர்வைசரிடம் சண்டை போடுகிற ஆள், என் உடம்பு விஷயத்தில் அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதத்தில் வலது முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு வலி ஆரம்பித்தது. படி இறங்கும்போது குத்தும், ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் பிடித்துக்கொள்ளும். கூடவே வலது தோளின் முன்பக்கம் ஒரு நெருடல், சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் தெரியும். வயசு 47 ஆயிற்று, இப்படித்தான் இருக்கும் என்று தைலம் தேய்த்துக்கொண்டு ஓட்டினேன். அதே ஜிம்மில், அதே வெயிட்டில், அதே நம்பர் சீட்டில் என் நண்பனுக்கு ஒன்றுமே இல்லை. "மாப்ள, நீ வீட்ல ஒழுங்கா சாப்பிடுறதில்ல" என்று அவன் வேறு வைத்தியம் சொன்னான்.

கடைசியில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு அம்மாவிடம் போனேன். அவர் முட்டியை அமுக்கிப் பார்த்தார், மடக்கி நீட்டச் சொன்னார், அப்புறம் என் காலின் முன்பக்கத்தைக் காட்டி, "இந்த இடத்துல மட்டும் ஏன் முடியே இல்ல?" என்று கேட்டார். அப்போதுதான் கவனித்தேன். கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி ஆரம்பித்து, முன்னங்கால் எலும்பின் மேல் ஒரு பட்டை மாதிரி, ரெண்டு காலிலும், முடி தேய்ந்து போயிருந்தது. உட்கார்ந்து காலை முன்னால் நீட்டித் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் மிஷினில் பேட் படுகிற இடம் அது என்றேன். "பேட் ஒரே இடத்துல உக்காந்திருந்தா எதுக்குத் தேயணும்? அது மேலயும் கீழயும் ஓடுது. மிஷின்ல எப்படி உக்கார்றீங்கன்னு முதல்ல பாருங்க" என்றார்.

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒரு கதவுக்கு ரெண்டு கீல் போடுகிறோம். ரெண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் கதவு விரலால் தள்ளினாலே போகும். ஒன்று அரை இஞ்ச் தள்ளி நின்றால் கதவு திறக்கும்தான், ஆனால் முறுக்கிக்கொண்டு திறக்கும், கொஞ்ச நாளில் ஸ்க்ரூ பிடுங்கிக்கொள்ளும். லெக் எக்ஸ்டென்ஷனில் நடப்பதும் இதுதான். மிஷினின் கை ஒரு பியரிங்கைச் சுற்றிச் சுழல்கிறது. என் கால் என் முட்டியைச் சுற்றிச் சுழல்கிறது. ரெண்டும் ஒரே கோட்டில் இருந்தால் பேட் காலில் ஒட்டியபடியே மேலே வரும். தள்ளி இருந்தால் ரெண்டும் வெவ்வேறு வட்டம் போடும், அந்த வித்தியாசத்தைப் பேட் காலின் மேல் தேய்த்துத்தான் தீர்த்துக்கொள்ளும்.

மறுநாள் ஜிம்முக்கு ஒரு சாக்பீஸும் தையல்கார டேப்பும் எடுத்துப் போனேன். மாஸ்டர் ஒரு மாதிரி பார்த்தார், பரவாயில்லை.

முதல் வேலை மிஷினின் சுழலும் மையம் எங்கே என்று கண்டுபிடிப்பது. நிறைய மிஷின்களில் அந்த இடத்தில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு வட்டம் ஒட்டியிருப்பார்கள். அது அலங்காரம் என்றுதான் நான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஜிம்மில் இருந்ததில் ஸ்டிக்கர் பாதி உரிந்து போயிருந்தது. ஸ்டிக்கரே இல்லாத மிஷினாக இருந்தாலும் கஷ்டமில்லை, ஆள் உட்காராமல் கையால் அந்த ஆர்மைத் தூக்கி இறக்கிக்கொண்டே பக்கவாட்டில் நின்று பாருங்கள். எல்லாம் நகரும், ஒரு போல்ட்டு மட்டும் இடம் மாறாமல் அங்கேயே நின்று திரும்பும். அதுதான் மையம்.

ரெண்டாவது, முட்டியின் மையம். முட்டிச் சில்லு இல்லை, நிறைய பேர் அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். காலை மடக்கி உட்கார்ந்து முட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவினால், தொடை எலும்பு முடிகிற இடத்தில் ஒரு குமிழ் கைக்குத் தட்டுப்படும். கால் மடங்கி நீள்வது கிட்டத்தட்ட அந்தக் குமிழைச் சுற்றித்தான். அதன் மேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். நண்பனை போன் பிடிக்கச் சொன்னேன். இங்கே ஒரு விஷயம், போனை நின்றுகொண்டு மேலிருந்து பிடித்தால் தப்பான படம் வரும், புள்ளி போல்ட்டுக்கு நேராக இல்லாவிட்டாலும் நேராக இருப்பது போலத் தெரியும். குனிந்து, அந்த போல்ட்டின் உயரத்திலேயே, அதற்கு நேர் எதிரே பிடிக்க வேண்டும்.

படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு பேட் ரெண்டாம் நம்பரில் இருந்தது. அந்த மிஷினில் நம்பர் கூடக் கூட முதுகு பேட் பின்னால் போகும். என் முட்டிப் புள்ளி போல்ட்டைவிட முழுசாக 5 சென்டிமீட்டர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. அதே ரெண்டாம் நம்பரில் நண்பன் உட்கார்ந்தான், அவன் புள்ளி போல்ட்டின் மேலேயே விழுந்தது.

வீட்டில் அன்றைக்கு ராத்திரி சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்து இருவரும் அளந்தோம். சுவரிலிருந்து முட்டிக் குமிழ் வரை எனக்கு 52 சென்டிமீட்டர், அவனுக்கு 47. தரையில் உட்கார்ந்து தலை உச்சி வரை எனக்கு 84, அவனுக்கு 90. நின்றால் ஒரே உயரம். உட்கார்ந்தால் அவன் என்னைவிட ஆறு சென்டிமீட்டர் உயரம், ஏனென்றால் எனக்கு எல்லாம் காலில் போயிருக்கிறது, அவனுக்கு உடம்பில். ஜிம் மிஷின் பெரும்பாலும் உட்கார்ந்து செய்வது. நின்ற உயரத்தை வைத்து அதற்கு நம்பர் சொல்வது, சட்டை அளவைக் கேட்டு செருப்பு எடுத்துக் கொடுப்பது போலத்தான். மாஸ்டரை நான் குறை சொல்லவில்லை, ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறார்.

பேட் எவ்வளவு தேய்த்தது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில் புத்தி. போல்ட்டிலிருந்து கால் பேட் வரை 40 சென்டிமீட்டர். ஆர்ம் கீழே தொங்கும்போது பேட் என் முட்டியிலிருந்தும் கிட்டத்தட்ட 40 தூரத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளி இருப்பது அந்த நீளத்தைப் பெரிதாக மாற்றாது. ஆனால் கால் நேராக நீளும்போது பேட் போல்ட்டுக்கு நேர் முன்னால் 40 தூரத்தில் நிற்கும், என் முட்டியோ அதில் 5 சென்டிமீட்டரைத் தின்றுவிட்டு முன்னால் இருக்கிறது, மிச்சம் 35தான். அதாவது ஒவ்வொரு ரெப்ஸிலும் பேட் என் காலில் 5 சென்டிமீட்டர் மேலே ஏறுகிறது, இறக்கும்போது திரும்ப இறங்குகிறது. மூன்று செட், பன்னிரண்டு ரெப்ஸ், வாரம் ரெண்டு நாள். முடி போகாமல் என்ன செய்யும்.

இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டாம், சாக்பீஸ் சோதனை ஒன்று போதும். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பேட்டின் கீழ் ஓரம் காலில் எங்கே படுகிறதோ அங்கே ஒரு கோடு. நீட்டி நிறுத்தி, யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, இப்போது பேட்டின் கீழ் ஓரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கோடு. ரெண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு விரல் அகலத்துக்குள் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் சீட்டைத் திருத்த வேண்டும். எந்தப் பக்கம் திருத்துவது என்பதையும் அந்தக் கோடே சொல்லும். நீட்டும்போது பேட் முட்டியை நோக்கி மேலே ஏறினால் உங்கள் முட்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது, முதுகு பேட்டைப் பின்னால் தள்ளுங்கள். பாதத்தை நோக்கிக் கீழே வழுக்கினால் முட்டி பின்தங்கியிருக்கிறது, முதுகு பேட்டை முன்னால் கொண்டுவாருங்கள்.

வெறும் ஆர்மை வைத்து இதைப் பார்த்துவிட்டுப் போய்விடாதீர்கள். எனக்கு வெறுமனே பார்த்தபோது நாலாம் நம்பரில் அச்சாக விழுந்தது. ஐந்து பிளேட் போட்டதும் உடம்பு குஷனில் அமுங்கி, இடுப்பு கொஞ்சம் எழும்பி, புள்ளி நகர்ந்தது. செய்யப் போகிற வெயிட்டில் அரைவாசி போட்டு, சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சரியான அளவு தெரியும். குஷன் தேய்ந்து பள்ளம் விழுந்த சீட்டில் முட்டி மையத்துக்குக் கீழே இறங்கிவிடும், முன்பின் சரியாக இருந்தும் பேட் ஓடினால் காரணம் அதுவாக இருக்கலாம். அப்புறம், எவ்வளவு சரி செய்தாலும் ஒரு சின்ன ஓட்டம் மிஞ்சும். மனுஷ முட்டி கதவுக் கீல் மாதிரி ஒரே புள்ளியில் சுழல்வதில்லை, மடங்கும்போது எலும்பு கொஞ்சம் உருண்டும் கொஞ்சம் வழுக்கியும் போகிறது, அதன் மையமே நகர்ந்துகொண்டுதான் இருக்கும். மில்லில் மாதிரி பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்த்து நான் ஒரு வாரம் வீணாக்கினேன்.

நாலாம் நம்பரில் என் பேட் ஓட்டம் அரை விரலுக்கு வந்தது. கால் பேட்டையும் ஒரு ஓட்டை மாற்றினேன். அது கணுக்கால் மடிப்புக்குக் கொஞ்சம் மேலே, எலும்பின் கீழ்ப்பகுதியில் உட்கார வேண்டும். பாதத்தின் மேல் உட்கார்ந்தால் கணுக்கால்தான் இழுபடும். நடு எலும்பு வரை மேலே ஏற்றி வைத்தால் அதே பிளேட்டுக்கு எலும்பில் அழுத்தம் கூடி வலிக்கும். முட்டியில் ஜவ்வு ஆபரேஷன் ஆனவர்களுக்குப் பிசியோ வேண்டுமென்றே மேலே வைக்கச் சொல்வதுண்டு, கீழே இருக்கும் பேட் அந்த ஜவ்வை அதிகம் இழுக்கும் என்பதால். அது அவர்கள் சொல்லிச் செய்ய வேண்டியது, நாமாகச் செய்வதில்லை.

முட்டி வலி சீட்டால்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். அந்த மூன்று மாதத்தில் நண்பனோடு போட்டி போட்டு வாராவாரம் ஒரு பிளேட் ஏற்றியிருந்தேன், அதுவும் சேர்ந்துதான் இருக்கும். பிசியோ அம்மா வெயிட்டைப் பாதியாக்கச் சொன்னார், முதல் சில வாரங்கள் காலை முழுக்க நீட்டாமல் பாதி வழி வரைக்கும் மட்டும் தூக்கச் சொன்னார். மடங்கிய நிலையிலிருந்து பாதி வரை சில்லுக்குப் பின்னால் அழுத்தம் குறைவு, கனத்தோடு கடைசி வரை நீட்டும் பகுதியில்தான் அது கூடும் என்று விளக்கினார். ஆறு வாரத்தில் படி இறங்குவது சரியானது. இதில் சீட்டுக்கு எத்தனை பங்கு, வெயிட்டுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலில் முடி திரும்ப முளைத்தது மட்டும் முழுக்க சீட்டின் புண்ணியம்.

தோள் விஷயத்துக்கு வருகிறேன். முட்டியில் பாடம் கற்ற பிறகு, உட்கார்ந்து ஹேண்டிலை முன்னால் தள்ளுகிற செஸ்ட் பிரஸ்ஸில் நானே போய்ப் பார்த்தேன். அங்கேயும் நண்பனின் நம்பர்தான். அவன் உடம்பு நீளம் என்பதால் அவனுக்கு சீட் கீழே. அதே சீட்டில் நான் உட்கார்ந்தால் ஹேண்டில் என் தோளுக்கு நேராக, கிட்டத்தட்ட காலர் உயரத்துக்கு வந்து நிற்கிறது. அந்த உயரத்தில் பிடித்துத் தள்ளினால் முழங்கை தோள் மட்டத்துக்கு வெளியே விரிந்துவிடும், தோள் காதை நோக்கி ஏறும், நெஞ்சுக்குப் போக வேண்டிய சுமையைத் தோளின் முன்பக்கம் வாங்கிக்கொள்ளும். நான் மூன்று மாதமாகச் செய்தது அதைத்தான். நெஞ்சில் ஒன்றும் தெரியவில்லை என்று வெயிட்டை வேறு ஏற்றினேன்!

சீட்டை ரெண்டு ஓட்டை ஏற்றினேன், ஐந்து சென்டிமீட்டர். ஹேண்டில் நடு நெஞ்சுக்கு இறங்கியது, முலைக்காம்பு மட்டம் அல்லது அதற்கு ஒரு விரல் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே பிடித்தால் முழங்கை தானாகவே தோளைவிடத் தாழ்ந்து, உடம்போடு ஒட்டாமலும் சிறகு மாதிரி விரியாமலும் நடுவில் நிற்கும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தள்ளிக்கொண்டிருக்கும்போது முன்கையைக் கவனியுங்கள். முன்கை, ஹேண்டில் போகிற பாதைக்கு நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டு மேல்பக்கம் மடங்கினாலோ முழங்கை கீழே தொங்கினாலோ சீட் உயரம் இன்னும் ஒத்துவரவில்லை.

சீட்டை ஏற்றியதில் ஒரு சிக்கல் என் மனைவிக்குத்தான் வந்தது, அவள் இந்தக் கூத்தெல்லாம் பார்த்துவிட்டுப் பின்னால் சேர்ந்தவள். 148 சென்டிமீட்டர். ஹேண்டில் நெஞ்சுக்கு வர வேண்டுமென்றால் சீட் மேலே போக வேண்டும், மேலே போனால் கால் தரையைத் தொடாது, பள்ளிக்கூட பெஞ்சில் குழந்தை உட்கார்ந்த மாதிரி ஆட்டிக்கொண்டிருப்பாள். காலில் பிடிமானம் இல்லாமல் தள்ளினால் இடுப்பு முன்னால் வழுக்கி முதுகு வளையும். இதற்காக சீட்டைத் தாழ்த்துவது தப்பு, அப்போது அவளுக்கு என் தோள் கதைதான். சீட்டை அவள் நெஞ்சுக்கு வைத்துவிட்டுக் காலுக்குக் கீழே ஸ்டெப் பலகை போட்டோம், அது இல்லாத நாளில் 20 கிலோ ரப்பர் பிளேட்டுகளைப் படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு.

செஸ்ட் பிரஸ்ஸில் இன்னொரு விஷயம் அந்தப் பெடல். எங்கள் மிஷினில் காலுக்கு முன்னால் ஒரு பெடல் உண்டு, முதல் மூன்று மாதம் நான் அதைக் கால் வைத்துக்கொள்ளும் கம்பி என்று நினைத்திருந்தேன். அதை மிதித்தால் ஹேண்டில் முன்னால் வரும், பிடித்துக்கொண்டு தள்ளிவிட்டுக் காலை எடுக்கலாம். மிதிக்காமல் ஆரம்பித்தால் கை முதுகுக்குப் பின்னால் போய், தோள் முழுக்க இழுபட்ட நிலையில், அசைவே இல்லாத கனத்தை முதல் தடவை கிளப்ப வேண்டியிருக்கும். தோள் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த முதல் ரெப்ஸிலும், கடைசி ரெப்ஸ் முடிந்து களைத்துப் போய் ஹேண்டிலைப் பின்னால் விடும்போதும்தான். எங்கள் ஜிம்மில் இன்றைக்கும் பெடலை மிதிப்பவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம்.

எவ்வளவு பின்னால் வரலாம்? ஹேண்டில் நெஞ்சுக்கு ஒரு கை முஷ்டி தூரத்தில் நிற்கும்படி தொடக்க நிலையை வைப்பது எனக்கு ஒத்துவந்தது. முழங்கை முதுகு மட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் போகலாம், தோள் முன்னால் உருண்டு பேட்டை விட்டு எழும்பினால் அது அதிகம். கை நீளமானவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தொடக்க நிலையை மாற்றும் பின் இல்லாத மிஷினில் ஹேண்டிலை அந்த முஷ்டி தூரத்திலேயே நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான், முதுகுக்குப் பின்னால் ஒரு கெட்டியான ஃபோம் பலகை வைத்தால் உடம்பு முன்னால் வந்து தோள் இன்னும்தான் இழுபடும்.

அந்த ஃபோம் பலகையை நாங்கள் கண்டுபிடித்தது மனைவியின் லெக் எக்ஸ்டென்ஷனுக்காக. அவளுக்கு முட்டி வரை 42 சென்டிமீட்டர்தான். முதுகு பேட் ஒன்றாம் நம்பர், அதற்கு மேல் முன்னால் வராது, அப்போதும் முட்டிப் புள்ளி போல்ட்டுக்கு ரெண்டரை சென்டிமீட்டர் பின்னால். அதோடு சீட் விளிம்பு கெண்டைக்காலில் இடித்ததால் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். முட்டி இப்போது போல்ட்டுக்கு வந்துவிட்டது, ஆனால் முதுகுக்கும் பேட்டுக்கும் நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளி. காலை நீட்டியதும் உடம்பு அந்த இடைவெளிக்குள் பின்னால் சரிகிறது, முட்டி திரும்பப் பின்னால் போகிறது, பேட் பாதத்தின் மேல் வழுக்குகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பயிற்சி செய்கிற மாதிரிதான் இருக்கும்.

முதல் நாள் வீட்டுத் தலையணையைக் கொடுத்தேன், பிரயோஜனமில்லை, வெயிட் ஏறியதும் அப்பளம் மாதிரி அமுங்கிவிட்டது. அப்புறம் யோகா மேட்டை ரெண்டாக, நாலாக மடித்துப் பார்த்தோம், அது சரிந்து சரிந்து விழுந்தது. கடைசியில் ஃபோம் கடையில் கெட்டியான ஃபோமில் மூன்று சென்டிமீட்டர் தடிமனுக்கு, முதுகு அகலத்துக்கு வெட்டி வாங்கி ரெக்ஸின் உறை தைத்தேன். பின்புறம் முதல் தோள்பட்டை வரை முழுக்க மூடுகிற அளவு இருக்க வேண்டும், இடுப்பில் மட்டும் வைத்தால் முதுகு வில்லாக வளையும். அதை வைத்தபின் சாக்பீஸ் கோடுகள் ரெண்டும் ஒட்டிக்கொண்டன. செலவு அதிகமில்லை. ஜிம் பையில் அது எப்போதும் இருக்கும்.

சாய்ந்து உட்கார்ந்து காலால் பலகையைத் தள்ளுகிற லெக் பிரஸ்ஸைப் பற்றி ஒன்று மட்டும். அங்கே போல்ட் பார்க்கும் வேலை இல்லை, முதுகு பேட்டின் சாய்வும் சீட் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதும்தான் கணக்கு. எனக்குத் தொடை நீளம். நண்பனின் அமைப்பில் நான் பலகையை இறக்கினால் முட்டி நெஞ்சை வந்து தொடும், அதற்கு முன்பே பின்புறம் சீட்டை விட்டுச் சுருண்டு எழும்பிவிடும். அப்படி எழும்பும்போது முழு வெயிட்டும் வளைந்த கீழ்முதுகில் உட்காருகிறது. நமக்கே தெரியாது, ஆழமாகப் போகிறோம் என்று பெருமையாக வேறு இருக்கும். நண்பனை என் இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன், எந்த இடத்தில் விரல் உள்ளே போகிறதோ அதற்கு ஒரு ஓட்டை முன்னால் தடுப்புப் பின்னைப் போட்டேன். சாய்வையும் ஒரு படி பின்னால் தள்ளினேன். அவன் இறக்குகிற ஆழத்துக்கு நான் இறக்குவதில்லை, அவ்வளவுதான்.

பின் என்றதும் ஞாபகம் வருகிறது. இது ஃபிட்டராகச் சொல்வது. சீட்டை மாற்றிவிட்டுப் பின் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்காமல் உட்காராதீர்கள். ஓட்டைக்கு நேராக வராமல் பின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பார்க்க உள்ளே போன மாதிரியே இருக்கும். ஒரு நாள் செஸ்ட் பிரஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பையனுக்கு நாலாவது ரெப்ஸில் சீட் சடக்கென்று ஒரு ஓட்டை இறங்கியது, கை ஹேண்டிலில் மாட்டியபடி உடம்பு மட்டும் கீழே போனது. நல்லவேளை, பெரிய அடி இல்லை. பின்னை விட்டதும் "டக்" சத்தம் வர வேண்டும், வந்தாலும் சீட்டை ரெண்டு கையாலும் மேலும் கீழும் ஒரு உலுக்கு உலுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்த பின் கையால் தள்ளினால்தான் உள்ளே போகும், ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் உலுக்கும்போதே ஆடும். அந்த மிஷினை அன்றைக்கு விட்டுவிடுவேன், மாஸ்டரிடம் சொல்லிவிடுவேன். எங்கள் ஜிம்மில் ரெண்டு பின்னை நானே மில்லில் கடைந்து கொண்டுவந்து போட்டேன், அதற்கப்புறம்தான் சாக்பீஸைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நம்பர்களைப் போனில் குறித்து வைத்திருக்கிறேன், ஆனால் மிஷின் மாறினால் அந்த நம்பருக்கு அர்த்தமில்லை. எங்கள் லெக் எக்ஸ்டென்ஷனில் நம்பர் கூடினால் பேட் பின்னால் போகும், பக்கத்திலேயே இருக்கும் செஸ்ட் பிரஸ்ஸில் ஒன்றாம் நம்பர் மேலே இருக்கிறது, கூடக் கூட சீட் இறங்கும். அதனால் நம்பரோடு காரணத்தையும் எழுதியிருக்கிறேன், "லெக் எக்ஸ்: 4, முட்டிக் குமிழ் போல்ட்டுக்கு நேர்", "செஸ்ட்: ஹேண்டில் நடு நெஞ்சு, பெடல் மிதி", இப்படி. போன மாதம் சென்னையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அங்கே ஒரு ஜிம்மில் ஒரு நாள் செய்தேன். லெக் எக்ஸ்டென்ஷனில் ஏழு வந்தது.

எல்லா மிஷினையும் எல்லோருக்கும் ஒத்துவர வைக்க முடியாது. நெஞ்சை அணைக்கிற மாதிரி செய்யும் அந்தப் பட்டர்ஃபிளை மிஷினில் மனைவிக்கு எதுவுமே சேரவில்லை. ஆர்ம் தொங்கும் மையம் அவள் தோளைவிட வெளியே தள்ளி இருக்கிறது, ரெண்டு மையத்துக்கும் நடுவில் இருக்கும் அகலம் அவள் தோள் அகலத்தைவிடப் பெரியது, அதை மாற்ற ஓட்டையே கிடையாது. சீட்டை ஏற்றினோம், பலகை வைத்தோம், முழங்கை பேடிலிருந்து ஒவ்வொரு தடவையும் நழுவிக்கொண்டே இருந்தது. மூன்றாவது நாள் அவளே எழுந்துவிட்டாள். இப்போது பெஞ்சில் படுத்து ரெண்டு கிலோ டம்பெல்லை வைத்து அதே அசைவைச் செய்கிறாள், நான் அவள் இடத்தில் அந்த மிஷினில் உட்கார்ந்து செய்கிறேன், சீட் மூன்றாம் நம்பர்.